பர்ஸ் தொலைந்துவிட்டது: முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

தம்பி, பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம்தான் ஆகிறது, இன்னும் நேரம் இருக்கிறது. பர்ஸில் இருந்தவை நீ சொன்னபடி: டெபிட் கார்டு, வேறு வங்கியின் கிரெடிட் கார்டு, ஓட்டுநர் உரிமம், அடையாள அட்டை, ஆபீஸ் பாஸ், கொஞ்சம் பணம். பணத்தை இப்போதைக்கு மறந்துவிடு. கீழே உள்ளதை இதே வரிசையில் செய்து டிக் அடித்துக்கொண்டே வா.

உடனே

☐ பையின் உள்ஜிப், பேன்ட் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரே தடவை பார். மறுபடி தேடுவதெல்லாம் கார்டை முடக்கிய பிறகு.

☐ இரண்டு வங்கி ஆப்பிலும் கார்டை லாக் செய். பின் நம்பர் தெரியாமல் என்ன செய்துவிட முடியும் என்று இருந்துவிடாதே. மெஷினில் தட்டிப் பணம் கட்டும் கார்டுகளில் சின்னத் தொகைக்குப் பெரும்பாலும் பின் கேட்காது. சில இணையதளங்களுக்குக் கார்டில் அச்சடித்திருக்கும் எண்களே போதும்.

☐ இரண்டு வங்கிக்கும் போன் செய். ஆப்பில் லாக் செய்தால் மட்டும் புகார் கொடுத்ததாகிவிடாது. பிறகு யாராவது பணத்தை எடுத்திருந்தால், நீ எத்தனை மணிக்குத் தெரிவித்தாய் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கார்டின் பின்பக்கம் இருந்த நம்பர் இப்போது கையில் இல்லை, அதற்காகத் தேடுபொறியில் முதலில் வரும் நம்பருக்கு அடித்துவிடாதே. அங்கே போலி கஸ்டமர் கேர் நம்பர்களும் வரும். ஆப்பிலோ பழைய ஸ்டேட்மெண்டிலோ இருப்பதை எடு.

☐ போனில் கேட்க வேண்டியவை: கடைசியாக நடந்த செலவுகள் என்னென்ன, கார்டு நிரந்தரமாக முடங்கியதா, புகார் எண் என்ன. பேசிய நேரத்தோடு குறித்துக்கொள்.

அடுத்து

☐ பஸ் டெப்போவுக்குப் போன் செய். வழித்தடம், ஏறிய நேரம், உட்கார்ந்த இடம் சொல்.

☐ போலீசில் புகார் கொடு. உரிமம், அடையாள அட்டை இரண்டையும் பெயர் சொல்லி எழுத வை, நகல் கேட்டு வாங்கு. கார்டைவிட எனக்குப் பயம் இந்த இரண்டின் மேல்தான். கார்டை மாற்றினால் எண் மாறிவிடும். அடையாள அட்டை எண் பெரும்பாலும் மாறாது, அதை வைத்து உன் பெயரில் கடனோ சிம்மோ வாங்கப் பார்ப்பார்கள். அப்படி நடந்தால் இந்தப் புகார்தான் உனக்குச் சாட்சி.

☐ ஆபீஸ் செக்யூரிட்டிக்குச் சொல்லிப் பாஸை முடக்கு.

☐ ‘பர்ஸ் கிடைத்தது, ஓடிபி சொல்லுங்கள்’ என்று யார் கூப்பிட்டாலும் கட் செய். திருப்பித் தர ஓடிபி எதற்கு? நிஜமாகவே கிடைத்தவரென்றால் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்.

☐ வாட்ஸப் குரூப்பில் கேட்பதானால் பர்ஸின் நிறம் மட்டும் போதும், அடையாள அட்டைப் படத்தைப் போடாதே.

இரவுக்குள்

☐ கிரெடிட் கார்டில் மாதாமாதம் தானாகக் கட்டும் பில்களை எழுதி வை. புதுக் கார்டு வந்ததும் மாற்ற வேண்டியிருக்கும்.

☐ பர்ஸ் திரும்பி வந்தாலும் பழைய கார்டுகளை வெட்டிப் போடு. யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. கொஞ்ச மாதத்துக்குக் கடன் அறிக்கையையும் பார்த்துக்கொண்டே இரு.

எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். இரண்டு புகார் எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அக்கா