புத்தகத் தளம்: மார்ச் 14 முடியாது, மார்ச் 28 வரை அவகாசம் வேண்டும்

வணக்கம் சார்,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். புதிய தளத்தை மார்ச் 14 வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன், அது முடியாது. மார்ச் 28 வெள்ளிக்கிழமை வரை, இரண்டு வாரம் கூடுதலாக வேண்டும். அந்தத் தேதியிலும் பேசிக்கொண்டவற்றில் சில இருக்காது. 14ஆம் தேதி காலையில் சொல்வதைவிட இன்றே சொல்வது மேல் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தளம் கட்டும் வேலையில் சிக்கல் இல்லை. தேடல், கூடை, பணம் செலுத்தும் பக்கம் மூன்றும் முடிந்துவிட்டன. மாட்டிக்கொண்டது புத்தகக் குறிப்புகளில். நீங்கள் அனுப்பிய எக்ஸெல் கோப்பில் உள்ள 1,420 புத்தகங்களில் 510க்குத்தான் குறிப்பு யூனிகோடில் இருக்கிறது, மீதி 910ம் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் ஒழுங்காகத் தெரிந்திருக்கும், தளத்தில் ஏற்றினால் ‘தமிழ்’ என்பது `jkpo;` என்று வந்து நிற்கிறது. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, ஓட்டியும் பார்த்தேன். ஆனால் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது பாமினி என்றே எடுத்துக்கொள்கிறது. குழந்தைகள் புத்தகம் ஒன்றில் ‘CD இணைப்புடன்’ என்று இருந்தது ‘ஊனு இணைப்புடன்’ ஆகிவிட்டது. சிரிப்பு வந்தது, அப்புறம் இன்னும் எத்தனை ஊனு இருக்கும் என்று தேட ஆரம்பித்ததும் சிரிப்பு போய்விட்டது. ஒவ்வொரு குறிப்பையும் கண்ணால் படித்துத் திருத்தாமல் ஏற்ற முடியாது.

இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான்தான். கோப்பு வந்த அன்று முதல் ஐம்பது வரிகளைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னேன், அந்த ஐம்பதும் புதிய புத்தகங்கள். கீழே வரை இறங்கிப் பார்க்கவில்லை. அதனால் இந்தத் திருத்த வேலைக்குத் தனியாகக் கட்டணம் கேட்க மாட்டேன்.

28 என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு குறிப்புக்குச் சராசரியாக நான்கு நிமிடம் ஆகிறது, 910க்கும் சேர்த்தால் அறுபது மணி நேரம், அது ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்வதைவிட வேலையைக் குறைத்துக்கொண்டு தளத்தைத் திறந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

28ஆம் தேதி 1,420 புத்தகங்களும் தளத்தில் இருக்கும், எல்லாவற்றையும் வாங்க முடியும். யூனிகோடில் உள்ள 510க்கும், பழையவற்றில் அதிகம் விற்கும் 300க்கும் முழுக் குறிப்பு இருக்கும். மீதி 610க்குத் தலைப்பு, ஆசிரியர், விலை, அட்டைப்படம் மட்டும். அவற்றின் குறிப்புகளை அதற்கடுத்த நான்கு வாரங்களில், வாரம் நூற்றைம்பது அளவில் ஏற்றி ஏப்ரல் 25க்குள் முடித்துவிடுவேன். வாசகர் விமர்சனம் எழுதும் பகுதியை இப்போது விட்டுவிடலாம். திறந்த முதல் நாளில் விமர்சனம் எதுவும் இருக்கப்போவதில்லை, காலியான பெட்டிதான் தெரியும். அதற்கான தொகையைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளுங்கள், எப்போது வேண்டுமோ அப்போது தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

இடையில் மார்ச் 19 புதன்கிழமை சோதனைத் தளத்தின் இணைப்பை அனுப்புகிறேன். அதில் அந்த 300ல் பாதியாவது ஏறியிருக்கும், நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடமிருந்து இரண்டு உதவி வேண்டும். முந்நூறு புத்தகங்கள் எவை என்ற பட்டியல் திங்கட்கிழமை, 10ஆம் தேதிக்குள் வந்தால் போதும் (வராவிட்டால் கடந்த இரண்டு ஆண்டு ஆர்டர்களை வைத்து நானே எடுத்துக்கொள்கிறேன்). இன்னொன்று, நான் திருத்தியதில் ஒரு நாற்பது குறிப்புகளை உங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு தடவை படித்துச் சொன்னால் நல்லது. ஆசிரியர் பெயர்களில் பிழை வந்தால் என் கண்ணுக்குத் தப்பிவிடும், அவருக்குத் தப்பாது.

ஒன்று கேட்க வேண்டும். 14ஆம் தேதி திறக்கிறோம் என்று வெளியில் ஏற்கெனவே அறிவித்துவிட்டீர்களா? அப்படியானால் அன்றைக்கு அந்த 510 புத்தகங்களை மட்டும் வைத்துத் திறந்துவிடலாம், பழையவற்றை 28ல் சேர்க்கலாம். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, பழைய வாசகர்கள் தேடி வருவதே அந்தப் பழைய புத்தகங்களைத்தான், தேடியது இல்லை என்று வந்தால் திரும்ப வர யோசிப்பார்கள். ஆனாலும் முடிவு உங்களுடையது.

வெள்ளிக்கிழமைக்குள் எது சரி என்று ஒரு வரி எழுதினால் போதும். பேசுவது வசதி என்றால் நாளை மதியம் மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும் சார்.