இரண்டு வட்டிக் கடன்

துபாயிலிருந்து முருகேசன் வீட்டுக்குப் பேசினால் மகன் கதிரோடு நடக்கும் பேச்சு நாலு வரியில் முடிந்துவிடும். சாப்டியா, பரீட்சை எப்போ, அம்மாகிட்ட சண்டை போடாத, சரி ஃபோனை அம்மாகிட்ட குடு. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அதற்குமேல் அப்பாவிடம் சொல்ல ஒன்றுமில்லை, அப்பாவுக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஒருநாள் மனைவி செல்விதான் புகார் சொன்னாள், அக்காவுக்குக் கிடைத்த அரசு லேப்டாப்பில் இவன் ராத்திரி பகலாக ரயில் ஓட்டுகிறான் என்று. முருகேசனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. பதினோரு வருஷமாகத் தொழிலாளர் பஸ் ஓட்டுகிறவர், காலை நாலரைக்கு அல் கூஸ் கேம்பில் ஆள் ஏற்றி சைட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றுகிற வேலை. "என்ன ரயிலுடா?" என்று கேட்டார். கதிர் வாட்ஸப்பில் நீளமாக ஒரு வாய்ஸ் அனுப்பினான். ஓப்பன் டிடிடி என்று ஒரு இலவச விளையாட்டு, வரைபடத்தில் ஊர்கள் இருக்கும், நாம் தண்டவாளம், ரோடு, ஸ்டேஷன் எல்லாம் போட்டு ஆளையும் நிலக்கரியையும் ஏற்றி இறக்கிச் சம்பாதிக்கணும், ரெண்டு பேர் சேர்ந்து ஒரே கம்பெனியும் நடத்தலாம். மகன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை.

"பஸ் விடலாமா அதுல?"

"விடலாம்ப்பா."

"அப்ப நானும் வர்றேன்."

ஊருக்குப் போகிற ஒரு ரூம்காரரிடமிருந்து பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினார். கதிர் சொன்னபடியே openttd.org போய் இறக்கி, முதல் தடவை திறந்தபோது படங்கள் இல்லை, இறக்கட்டுமா என்று அது கேட்டதற்கும் பயந்துகொண்டே சம்மதித்து, தயாராகிவிட்டார். சேரத்தான் முடியவில்லை.

அங்கே வாட்ஸப் கால் பகலில் மட்டுமல்ல, எந்த நேரமும் போகாது, அமீரகத்தில் அப்படித்தான். அதனால் எல்லாமே வாய்ஸ் மெசேஜும் ஸ்க்ரீனை ஃபோனில் எடுத்த கோணல் படங்களும்தான். சொந்த ஊர் கல்லலில் ராத்திரி ஒன்பதரை என்றால் அவருக்கு எட்டு மணி, குளித்துச் சாப்பிட்டு உட்காரும் நேரம்.

கதிர் எங்கோ படித்துவிட்டு மோடம் பக்கத்துக்குப் போய், வெளியிலிருந்து ஆட்டத்துக்குள் வரும் கதவு மாதிரியான 3979 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டான். இணையத்தில் வீட்டு விலாசம் மாதிரியான ஐபி எண்ணை அப்பாவுக்கு அனுப்பினான். அப்பா பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, அப்புறம் முடியவில்லை என்றது. கேபிள்காரரைப் பிடித்துக் கேட்டால், "தம்பி, அந்த நம்பர் உங்க வீட்டு நம்பர் இல்ல, பல வீட்டுக்கும் சேர்த்து ஒண்ணு. தனியா வேணும்னா மாசாமாசம் பணம்" என்றார். மோடத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் அதற்கு வெளியே இன்னொரு பூட்டு இருந்தது.

கதிர் இதை அப்பாவிடம் விளக்கினான். முருகேசனுக்குப் பாதி புரிந்தது. "கேம்புக்கும் அப்படித்தான்டா. எங்க ரூமுக்குன்னு விலாசம் கிடையாது, கேட்டுல உள்ள செக்யூரிட்டிகிட்ட வரும், அவன் பேரைக் கூப்பிடுவான்." கதிர் அந்த வாய்ஸை இரண்டு தடவை கேட்டான். அப்பாவின் ரூமுக்கு விலாசம் இல்லை என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

வழி இருந்தது. ஆட்டத்தில் 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அழைப்புக் குறியீடு என்று ஒன்று உண்டு, போர்ட் எதுவும் திறக்கவேண்டியதில்லை. கதிரிடம் இருந்தது அதற்கு முந்தைய 1.10.3. அப்பாவிடம் இருந்ததோ 14.1. ஆக ஐபி வேலை செய்திருந்தாலும் பதிப்பு வேறு என்று அது உள்ளே விட்டிருக்காது! இத்தனை நாள் கேபிள்காரரோடு மல்லுக்கட்டியது தண்டம். கதிரும் 14.1 போட்டான், சர்வர் தொடங்கும் இடத்தில் Invite only என்பதைத் தேர்ந்தெடுத்தான், + குறியில் தொடங்கும் ஒரு குறியீடு வந்தது, அனுப்பினான்.

"அப்பா, வந்துச்சா?"

"ஏதோ கேக்குதுடா. நான் No குடுத்துட்டேன்."

"ஏன்ப்பா!"

"தெரியாத எதுக்கும் யெஸ் குடுக்காதன்னு பேங்க்லேர்ந்து மெசேஜ் வருதே தினம்."

அது கேட்டது வேறொன்றுமில்லை. இரண்டு பேரும் நேராக இணைய முடியவில்லை, நடுவில் ஒரு சர்வர் வழியாகக் கடத்தட்டுமா என்றது. கதிர் தலையில் அடித்துக்கொண்டான், அப்புறம் பொறுமையாக எந்த பட்டன் என்று படத்தில் வட்டம் போட்டு அனுப்பினான். பின்னால் நின்ற செல்வி, "இப்படிப் பொறுமையா எனக்கு ஒரு நாளாவது ஃபோன்ல எதையாவது சொல்லிக் குடுத்திருக்கியாடா?" என்றாள்.

அடுத்த முட்டுக்கட்டை கதிர் சேர்த்திருந்த ரயில் பெட்டிகள். விளையாட்டுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் பட்டியலில் இருந்தால் அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். இவன் எங்கோ வெளியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தான், அதனால் அப்பா பக்கம் எச்சரிக்கை வந்தது. அந்தக் கோப்பை வாட்ஸப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பி, வைக்கவேண்டிய இடத்தையும் எழுதினான்.

```
Documents\OpenTTD\newgrf
```

முருகேசன் அதை டெஸ்க்டாப்பில் வைத்தார். அப்புறம் டவுன்லோட்ஸில். பக்கத்துக் கட்டில் நேபாளிப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் மௌஸை வாங்கிச் சரியான இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. கதிரின் திரையில் எல்லாம் சட்டென்று நின்றது, யாராவது சேரும்போது ஆட்டம் தானாக நின்று காத்திருக்கும். கேம்ப் வைஃபையில் வரைபடம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. புகைவண்டி பாதி வளைவில் நிற்க, கதிர் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எல்லாம் நகர ஆரம்பித்தது, கீழே அரட்டை வரியில் murugesan என்று சின்ன எழுத்தில் ஒரு பெயர்.

"டேய், கல்லல்னு போட்டுருக்கு!"

ஊர்ப் பெயர்களைக் கதிர் முன்பே மாற்றியிருந்தான். காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல், சிவகங்கை, மானாமதுரை, நிஜ லைனில் உள்ள வரிசையிலேயே. முருகேசன் ஒரு ஊருக்கு அல் கூஸ் என்று பெயர் வைக்கப் பார்த்தார், விடவில்லை. சர்வர் நடத்துகிறவன்தான் ஊர்ப் பெயரை மாற்ற முடியும். "வேணாம்ப்பா, அது எதுக்கு இங்க" என்று கதிர் மறுத்துவிட்டான், அவரும் வற்புறுத்தவில்லை.

அவர் கண் பணத்தின்மேல் விழுந்தது. புதுக் கம்பெனி, கையில் இருப்பது அத்தனையும் கடன்.

"என்னடா இது, ஆரம்பத்துலயே ஒரு லட்சம் பவுண்டு கடன்? முதல்ல அதை அடை."

"அடைச்சா அடுத்த ரயில் வாங்கக் காசு இருக்காதுப்பா. மூணு லட்சம் வரைக்கும் தருவாங்க, எடுத்துக்கலாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மெசேஜ் இல்லை. விசாவுக்கு வாங்கிய கடனை அடைக்க ஆறு வருஷம் ஆனது அவருக்கு. கதிருக்கும் அது அரைகுறையாகத் தெரியும், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சுகள்.

"வட்டி எவ்வளவு?"

"ரெண்டுப்பா."

"ரெண்டு வட்டியா? பாத்தியா, நான் சொல்லல? வருஷத்துக்கு இருபத்துநாலு ஆச்சு. வேணவே வேணாம்."

"ஐயோ அப்பா, மாசத்துக்கு இல்ல. வருஷத்துக்கே ரெண்டு."

"வருஷத்துக்கா?"

"ஆமாம்ப்பா."

"யார்ரா குடுக்குறா அப்படி? மூணு லட்சத்தையும் எடு. கல்லல் டு காரைக்குடி பஸ் விடுறேன், நீ தண்டவாளத்தைப் போடு. ரோட்டை வெட்டிக்கிட்டுப் போடாத, கேட்டு போட்டா என் பஸ்ஸு நிக்கணும்."