பயிற்சித்தாள்: மின்காந்தத் தூண்டல் (பன்னிரண்டாம் வகுப்பு)

200 சுற்றுகள் கொண்ட வட்டக் கம்பிச்சுருள் தாளின் தளத்தில் கிடக்கிறது. பரப்பு 0.01 m², மின்தடை 5 Ω. சீரான காந்தப்புலம் தாளுக்குள் செங்குத்தாகப் போகிறது, 0.3 நொடியில் 0.2 T-யிலிருந்து 0.8 T-க்குச் சீராக உயர்கிறது.

1. ε = −N ΔΦ/Δt. தூண்டப்பட்ட மின்னியக்கு விசையின் அளவையும் மின்னோட்டத்தையும் காண்க. (4 V, 0.8 A வர வேண்டும். 0.02 V வந்தால் சுற்றுகளை மறந்துவிட்டீர்கள்.)

2. மின்னோட்டம் எந்தத் திசையில்? லென்ஸ் விதி எதிர்ப்பது புலத்தை அல்ல, பாய மாற்றத்தை. பலர் சறுக்குவது இங்கேதான். உள்நோக்கிய பாயம் கூடுவதால் சுருளின் சொந்தப் புலம் வெளிநோக்கி அமையும். வலக்கைப் பெருவிரலை உங்களை நோக்கி நீட்டிப் பாருங்கள்: இடஞ்சுழி.

3. புலம் 0.8 T-யில் அப்படியே நின்றால் மின்னோட்டம் எவ்வளவு?

4. அப்புறம் 0.1 நொடியில் புலம் சீராகச் சுழியாகிறது. மின்னோட்டத்தின் அளவு, திசை? புலம் இன்னும் உள்நோக்கியே உள்ளது, கவனம்.

5. முதல் மாற்றம் 0.6 நொடி எடுத்திருந்தால் மின்னோட்டம் பாதியாகும். சரி, சுருளில் பாய்ந்த மொத்த மின்னூட்டம்? நிறுவுக.

6. கம்பியை ஓரிடத்தில் வெட்டினால் மின்னியக்கு விசை, மின்னோட்டம் இரண்டில் எது மிஞ்சும்? ஏன்?