கொள்முதல் மேலாளர் வேலை: 10ஆம் தேதி சொல்வதாக இருந்த முடிவு பற்றி

வணக்கம்ங்க ஐயா,

டிசம்பர் 29, திங்கட்கிழமை, உங்கள் விவசாயிகள் கம்பெனியின் கோபி அலுவலகத்தில் மஞ்சள் கொள்முதல் மேலாளர் வேலைக்கான கடைசி நேர்காணலுக்கு வந்த கயல்விழி எழுதுகிறேன். கோயம்புத்தூரில் மசாலா ஏற்றுமதி கம்பெனியில் தரப் பிரிவில் இருக்கும் பெண் என்றால் உங்களுக்கு உடனே ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எழுந்து கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பத்தாந்தேதிக்குள்ள எப்படியும் சொல்லிடறோம்மா, அப்புறம் பொங்கல் வந்துரும்" என்று சொன்னீர்கள். இன்றைக்கு 19ஆம் தேதி. பொங்கலும் முடிந்துவிட்டது, இன்னும் எந்தத் தகவலும் வரவில்லை. என்ன முடிவு என்று கேட்கத்தான் இந்த மெயில்.

இதற்கு முன் இரண்டு முறை கேட்டேன். 12ஆம் தேதி அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, இயக்குநர்கள் இன்னும் கூடவில்லை, பொங்கல் கழித்துச் சொல்வார்கள் என்று அங்கே இருந்த தங்கச்சி சொன்னாள். மறுநாள் சாயங்காலம் சிஇஓ சாருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் வரவில்லை. பண்டிகை நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. உங்களுக்கு நேராக எழுதுவது அவரைத் தாண்டிப் போவதற்காக இல்லைங்க, இந்த மெயிலை அவருக்கும் சேர்த்தேதான் அனுப்பியிருக்கிறேன். தேதி சொன்னது நீங்கள், அதனால் உங்களிடமே கேட்பதுதான் முறை என்று பட்டது.

அவசரம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இன்னொரு கம்பெனி எனக்கு வேலை கொடுப்பதாக எழுத்தில் அனுப்பியிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை, 23ஆம் தேதி சாயங்காலத்துக்குள் நான் அவர்களுக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும், ஏற்கெனவே ஒரு வாரம் அவகாசம் வாங்கியாயிற்று, இனியும் கேட்டால் நன்றாக இருக்காது. சம்பளம் அங்கே கூடுதல்தான். அதைக் காட்டி உங்களிடம் ஏற்றிக் கேட்க வரவில்லை, அன்று பேசிய 32,000 ரூபாய்க்கு நான் ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான். எனக்கு உங்கள் வேலைதான் வேண்டும். அம்மா சத்தியமங்கலத்தில் தனியாக இருக்கிறார் என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. ஏழு வருடமாக நான் மஞ்சளை லாரியில் இருந்து இறங்கும் மூட்டையாகத்தான் பார்க்கிறேன். தரம் போதவில்லை என்று ஒரு தாளில் எழுதித் திருப்பி அனுப்பினால் என் வேலை முடிந்துவிடும், அந்த மூட்டைக்குப் பின்னால் இருக்கிற விவசாயிக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரிவதே இல்லை. அந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேர்காணலில் உங்களுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த இயக்குநர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "ஈரப்பதம் ஜாஸ்தின்னு நீங்க சொல்றீங்க, 'அப்படீன்னா நான் யாவாரிகிட்டயே போட்டுக்கறேன்'னு விவசாயி மூட்டையைத் திருப்பி ஏத்தறான், என்ன பண்ணுவீங்க?" என்றார். மீட்டரில் அளந்து அவர் கண்முன்னாலேயே காட்டுவேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டாரே தவிர, திருப்தி ஆகவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த விவசாயி மூட்டையைத் திருப்பி ஏற்றுவது அளவில் சந்தேகம் வந்து இல்லை. காய்ந்தால் எடை குறையும், அந்தக் கணக்குதான் அவருக்குப் பயம்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 14 சதவீதம் ஈரம் இருக்கிற மஞ்சள் ஒரு குவிண்டால் என்றால் அதில் 86 கிலோதான் உண்மையான சரக்கு, மீதி தண்ணீர். அதையே 10 சதவீதத்துக்குக் காயவைத்தால் சுமார் 95.5 கிலோ நிற்கும். விலை குவிண்டாலுக்கு 14,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், குறைகிற நாலரை கிலோவுக்கு ஏறக்குறைய 620 ரூபாய். காயவைத்தவருக்கும் காயவைக்காதவருக்கும் ஒரே விலை என்றால், வெயிலில் நின்று கிளறிவிட்டவர்தான் அந்த 620 ரூபாயை இழக்கிறார். பிறகு யார் காயவைப்பார்கள்?

அதனால் நான் முதலில் செய்ய நினைப்பது ஒரு விலைப் பலகை. 10 சதவீத ஈரத்துக்கு இன்ன விலை, 11க்கு இன்ன விலை, 12க்கு இன்ன விலை என்று கொள்முதல் நடக்கும் இடத்தில் பெரிதாக எழுதி மாட்டிவிட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எடைக் குறைவை ஈடுகட்டி, அதற்கு மேல் கொஞ்சம் மிச்சமும் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். அப்போது நன்றாகக் காயவைத்தால் எவ்வளவு கூட வரும் என்று விவசாயி வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வருவார். 12க்கு மேல் போனால் வாங்க வேண்டாம், ஆனால் திருப்பியும் அனுப்ப வேண்டாம். நம் களத்திலேயே இரண்டு மூன்று நாள் உலர்த்திக்கொள்ள இடம் கொடுத்தால் ஏற்றுகூலி, வண்டி வாடகை எல்லாம் அவருக்கு மிச்சம். அலுவலகத்துக்குப் பின்னால் சிமெண்ட் களம் ஒன்று சும்மா கிடக்கிறதே, அதை அன்றைக்கே பார்த்து வைத்தேன்.

ஈரம் என்பது விலைப் பிரச்சினை மட்டுமில்லை. சரியாகக் காயாத மஞ்சளை மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், வெளியில் பார்த்தால் தெரியாது. ஒரு உறுப்பினரின் பத்து மூட்டையால் நம் கிடங்கில் இருக்கிற மற்றவர்கள் சரக்குக்கும் கெட்ட பேர் வந்துவிடும். நான் இப்போது வேலை பார்க்கிற இடத்தில் லோடு திரும்பிப் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், காரணம் பாதி நேரம் இதுதான். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேரை நம் மூட்டையில் போட்டு விற்க வேண்டும் என்று அன்று நீங்கள் சொன்னீர்கள். அதற்கு முதல் வேலை களத்தில்தான் இருக்கிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். எழுத்தில் இருந்தால் அந்த இயக்குநர் ஐயாவிடமும் காட்டலாமே என்றுதான் எழுதினேன். வேலை எனக்குக் கிடைக்காவிட்டாலும் இந்த யோசனையை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இப்போது நாள் கணக்கு. நான் இங்கே விலகுவதென்றால் 30 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வியாழக்கிழமை நீங்கள் சொல்லி நான் வெள்ளிக்கிழமை காலையில் கடிதம் கொடுத்தால் பிப்ரவரி 23, திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடலாம். அறுவடை தொடங்கிவிட்டாலும் வெட்டி, வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, பாலிஷ் போட்டு வருவதற்குள் மார்ச் வந்துவிடும், அதனால் வரத்து கூடுவதற்கு முன்னால் பலகையும் களமும் தயாராக இருக்கும். பிப்ரவரி நடுவில்தான் முடிவு என்றால் நான் வரும்போது மார்ச் பாதி போயிருக்கும், பாதிப் பேர் சரக்கை ஏலத்துக்கோ வியாபாரிக்கோ போட்டு முடித்திருப்பார்கள். தாமதத்தால் எனக்கு வருகிற கஷ்டம் என்னோடு போகட்டும், உங்கள் சீசனும் கையை விட்டுப் போகிறதே என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதனால் வியாழன், 22ஆம் தேதி சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு வரி பதில் வேண்டும் ஐயா. என்னை எடுத்துக்கொள்வதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் சொன்னாலே போதும், நான் மற்ற கம்பெனியில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் இங்கே விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்னால், சேரும் தேதியும் சம்பளமும் போட்டு மெயிலில் ஒரு கடிதம் வந்துவிட வேண்டும். வாய்வார்த்தையை நம்பாமல் கேட்கவில்லை, வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான், எழுத்தில் இல்லாமல் இருக்கிற வேலையை விட முடியாது.

வேறு ஆளை எடுத்துவிட்டீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்று நீங்கள் சங்கடப்படவே வேண்டாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எதில் குறைந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும், சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை. தெரியாமல் காத்திருப்பதுதான் முடியவில்லைங்க. ஊருக்குப் போயிருந்தபோது போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார், அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒருவேளை இயக்குநர்கள் இன்னும் கூடவே இல்லை என்றால், எப்போது கூடுகிறீர்கள் என்ற தேதியை மட்டுமாவது சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கூட முடியாது என்றால் நான் மற்ற வேலையை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும், ஒத்துக்கொண்ட பிறகு பாதியில் விட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கு இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீங்கள் கூப்பிட்டு நான் வர முடியாது என்று சொன்னால் உங்களுக்கு அது புதிதாக இருக்கக் கூடாது.

வியாழன் வரைக்கும் பதில் வராவிட்டால் அன்று சாயங்காலம் 6 மணிக்கு உங்கள் போனுக்கு ஒரு தடவை கூப்பிடுகிறேன், தோட்டத்தில் இருந்தாலும் எடுத்து இரண்டு வார்த்தை பேசுங்கள். அதற்குமேல் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அப்புறம் ஒரு விஷயம். சரிபார்க்க என்று என் பட்டச் சான்றிதழின் அசலை அன்று அலுவலகத்தில் வாங்கி வைத்தார்கள், ஒரு வாரத்தில் கூரியரில் அனுப்புவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. முடிவு எதுவாக இருந்தாலும் அது எனக்கு வேண்டும், எங்கே சேர்ந்தாலும் முதல் நாளே கேட்பார்கள். கூரியர் வேண்டாம், தொலைந்தால் மறுபடி வாங்குவது பெரிய பாடு. 24ஆம் தேதி சனிக்கிழமை நான் ஊருக்கு வருகிறேன், காலையில் 11 மணிக்கு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். அதை எடுத்து வைக்கும்படி அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கயல்விழி
19.01.2026, கோயம்புத்தூர்

பகல் 1 மணியில் இருந்து 2 மணி வரைக்கும், சாயங்காலம் 6 மணிக்கு மேலும் போனில் பேச முடியும், விண்ணப்பத்தில் கொடுத்த அதே எண்தான். வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும், எடுக்கவில்லை என்றால் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள், நானே கூப்பிடுகிறேன்.