மூன்றாம் காட்சி: பொன்னுசாமியும் யாழினியும் (திருத்திய உரையாடல்)

சுமதி,

உங்கள் கதையின் முதல் இரண்டு காட்சிகளில் நான் கை வைக்கவில்லை, ஒரு சொல்லைத் தவிர தேவையும் இல்லை. மூன்றாவதில் உரையாடலை முழுக்கவே மாற்றி எழுதியிருக்கிறேன். ஒத்துவராததைத் தாராளமாகத் தூக்கிப் போடுங்கள். நீங்கள் அனுப்பியது இது:

“பெரியப்பா, இனிமே நீங்க வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு.”

“எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது. நான் நாப்பது வருஷம் லாரி ஓட்டின அனுபவசாலி.”

“அனுபவம் வேற, ஆரோக்கியம் வேற பெரியப்பா. க்ளாக்கோமா ஆபத்தான நோய். பக்கவாட்டுப் பார்வையை அது பறிச்சிடும்.”

“நீ சொல்றதைக் கேட்டா எனக்குக் கோபம் வருது. வண்டி ஓட்டறதுதான் என் வாழ்க்கை.”

“நானும் கோபமாத்தான் இருக்கேன். தயவுசெஞ்சு சாவியைக் குடுங்க.”

‘அனுபவம் வேற, ஆரோக்கியம் வேற’ என்ற வரியைப் பெரியவர் வாயில் போட்டுப் பாருங்கள். அதுவும் பொருந்தும். அதுதான் இங்கே சிக்கல். இருவருமே ஒரே பேச்சுப்போட்டிக்குப் பயிற்சி எடுத்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள். கோபத்தை அறிவிக்கிறார்களே தவிர, யாரும் கோபப்படவில்லை.

இத்தனைக்கும் உங்கள் பாத்திரக் குறிப்பில் எல்லாம் இருக்கிறது. அவருக்கு 68 வயது, ஆறாம் வகுப்போடு நின்றவர், கிளீனராக ஏறி டிரைவராக ஆனவர், வாயைத் திறந்தால் கொங்குப் பேச்சு. அவளுக்கு 22, கண் பரிசோதனைப் படிப்பில் கடைசி வருஷம், வளர்ந்தது நகரத்தில். அவருக்கு உள்ளுக்குள் பயம், அவளுக்கு எரிச்சல். இதில் பேச்சுக்குள் வந்து சேர்ந்தது அந்த நாற்பது வருஷம் ஒன்றுதான். அவள் படிப்பு பாடம் நடத்தத்தான் பயன்பட்டிருக்கிறது. ஆனால் அவருக்கு எடுத்த பக்கப் பார்வைப் பரிசோதனையின் தாளை வாசிக்கத் தெரிந்தவள் அல்லவா அவள்? அவர் என்ன தில்லுமுல்லு செய்தார் என்று தாளே அவளிடம் சொல்லிவிடுமே. அதனால் சண்டையை அங்கிருந்து தொடங்கினேன்.

*

கார் நிழலில் நின்றிருந்தது. பொன்னுசாமி பானட் மேல் உள்ளங்கையை வைத்து, சூடு பார்ப்பவர்போல் நின்றார். யாழினி ரிப்போர்ட்டை விரித்தாள்.

“ஃபால்ஸ் பாசிட்டிவ் 36 பர்சன்ட் பெரியப்பா.”

“பாசிட்டிவ்னா நல்லதுதான?”

“லைட்டே வராதப்ப பட்டனை அமுக்கியிருக்கீங்க.”

“அமுக்கச் சொன்னாங்க, அமுக்குனன். சும்மா உக்கோந்திருந்தா அந்தப் புள்ள என்னத்த நெனைக்கும்?”

“புள்ளி தெரிஞ்சா மட்டும் அமுக்கச் சொன்னாங்க.”

“அம்மிணி, ராத்திரில ஒத்த லைட்டோட ஒருத்தன் வாரான்னு வெய்யி. அவன் பைக்கா, ஒரு லைட்டு போன லாரியான்னு அரை மைல்லயே சொல்லிப்போடுவன். உன்ற மெசினு சொல்லுமா?”

“அப்ப சொல்லியிருப்பீங்க.”

“இப்பவுந்தான். அதா, அந்தப் போர்டு. படிக்கட்டுமா?”

“படிப்பீங்க. நடுவுல க்ளியராத்தான் இருக்கு. சைடுதான் ரொம்பப் போயிடுச்சு.”

“சைடுக்குத்தான் வண்டில கண்ணாடி வெச்சிருக்கானே.”

அவள் பதில் சொல்லாமல் காரைச் சுற்றி இடப்பக்கம் போனாள். பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

“இது எப்ப?”

“நிறுத்தி வெச்சிருந்தப்ப எவனோ ஒரசிட்டுப் போயிட்டான்.”

“வெள்ளையா ஒட்டியிருக்கு. சுண்ணாம்பு. சுவரு வந்து உரசிட்டுப் போச்சா?”

பொன்னுசாமி துண்டை எடுத்துக் கீறலைத் துடைத்தார். சுண்ணாம்பு போயிற்று. கீறல் போகவில்லை.

“எகத்தாளம் பேசாத கண்ணு.”

*

கொஞ்சம் நிறுத்துகிறேன். இதுவரை அவர் தன் கண்ணைப் பற்றி நேராக ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். அவள் கண்ணைப் பற்றிக் கேட்கிறாள், அவர் வண்டியைப் பற்றியே பதில் சொல்கிறார். வட்டார வழக்கு என்று தூவியது குறைவுதான்: ‘உன்ற’, ‘சொல்லிப்போடுவன்’, ‘அம்மிணி’. இதற்கு மேல் ஏற்றினால் அவர் வேடம் கட்டிய மாதிரி ஆகிவிடும். அவர் யார் என்பதை அந்த ஒத்த லைட்டு வரிதான் அதிகம் சொல்கிறது. ராத்திரி வண்டி ஓட்டிய ஆளுக்குத்தான் அது தோன்றும். அவளுடைய வரிகளை வேண்டுமென்றே கத்தரித்தேன். எரிச்சலில் இருப்பவள் நீளமாக விளக்க மாட்டாள். ‘நீங்க’ மட்டும் எந்தக் கோபத்திலும் ‘நீ’ ஆகவில்லை, ஆகவும் கூடாது.

மிச்சம்:

*

“எதுக்க வந்து நில்லுங்க. வலது கண்ணைக் கையால மூடிக்குங்க. என் மூக்கைப் பாருங்க. மூக்கை மட்டும்.”

“மூக்குல என்ன இருக்குது?”

“பெரியப்பா.”

“செரி, செரி. பாத்துட்டன்.”

அவள் கையை அவர் காதுக்கு நேரே நீட்டி, ஆள்காட்டி விரலை ஆட்டியபடி மெல்ல முன்னால் கொண்டுவந்தாள்.

“விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க.”

“உம்.”

விரல் அவர் தோளைத் தாண்டியது.

“ஆரம்பிச்சாச்சா அம்மிணி?”

“ஆரம்பிச்சாச்சு.”

அவர் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டது.

“இந்தா! இப்பத்தான தூக்குன?”

“அப்பவே தூக்கிட்டேன்.”

“மறுக்கா செய்யி.”

மறுபடி செய்தாள். அதே இடத்தில்தான், “இந்தா” என்றார். கண்ணை மூடியிருந்த கையை இறக்கவில்லை.

“உனக்கு விரலு சின்னது.”

அவள் சிரிக்கவில்லை. அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“போன வாரம் ஒரு பையன், டூவீலர்ல. இந்தப் பக்கம். எங்கிருந்து வந்தான்னே தெரியல. பெரேக்க மிதிச்சுப்போட்டன், ஒண்ணும் ஆகுல. வைவான்னு பாத்தன். என்ற மூஞ்சியப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம போயிட்டான்.”

“யாருகிட்டயும் சொல்லலையா?”

“என்னன்னு சொல்லறது?”

“பெரியம்மாட்டயாவது?”

“அவ அன்னைக்கே சாவிய வாங்கி ஒளிச்சு வெச்சுருப்பா.”

யாழினி ரிப்போர்ட்டை மடிக்கப் பார்த்தாள். மடிப்பு கோணலாக விழுந்தது. மறுபடி பிரித்தாள்.

“போனது வராதுங்க பெரியப்பா. இருக்கறதக் காப்பாத்தலாமுங்க. சொட்டு மருந்து குடுத்திருக்காங்க, ராத்திரி ஒருக்கா விட்டாப் போதும். விடோணும். ஒரு நாளும் விடாம.”

“எத்தனை நாளைக்கு?”

“எப்பவுமே.”

“நல்லாயிட்டா நிறுத்தீறலாமில்ல?”

“வலி இல்ல, ஒண்ணுமில்ல, நல்லாத்தான இருக்குதுன்னு நிறுத்தீருவீங்க. அதுக்குத்தான் பயமா இருக்குது.”

பொன்னுசாமி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அவள் கையில் கொடுக்கவில்லை, பானட் மேல் வைத்தார். சுற்றி நடந்துபோய் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அவள் ஏறி சீட்டை முன்னால் இழுத்ததும் ஆரம்பித்தார்.

“சீட்ட இத்தனை முன்னால போட்டா ஸ்டேரிங்க எங்க திருப்புவ? கால ஏன் கிளட்சு மேலயே வெச்சிருக்கற? அரைக் கிளட்சுல ஓட்டுனயின்னா பிளேட்டு போயிரும், இப்பவே சொல்லிப்போட்டன்.”

*

கடைசிப் பகுதியில் அவள் பேச்சு மாறுகிறது: ‘வராதுங்க’, ‘காப்பாத்தலாமுங்க’, ‘ஒருக்கா’, ‘விடோணும்’. எரிச்சல் வடிந்து பயம் வெளியே வரும்போது வீட்டுப் பேச்சு தானாக நாக்குக்கு வருகிறது என்று வைத்தேன். இது வேலை செய்யவேண்டும் என்றால் முதல் இரண்டு காட்சிகளிலும் அவள் ஒரு இடத்தில்கூட அப்படிப் பேசியிருக்கக்கூடாது. முதல் காட்சியில் தொலைபேசியில் “வந்தனுங்க” என்கிறாள். அதை “வந்துட்டேன்” என்று மாற்றிவிடுங்கள். நீங்கள் இதை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, அப்போது அந்த நாலு வரியையும் நகரப் பேச்சுக்குத் திருப்ப வேண்டும். பாதி பாதியாக விட்டால் அச்சுப்பிழை போலத் தெரியும்.

நாற்பது வருஷம் என்ற கணக்கை எடுத்துவிட்டேன். அவர் வாயால் சொன்னால் அது பெருமையடிப்பு, அதுவும் பழைய பெருமையடிப்பு. வேண்டுமென்றால் இரண்டாம் காட்சியில் கதைசொல்லி சொல்லட்டும்.

நோயின் பெயர் இந்தக் காட்சியில் வராது. அவர் அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறார், அவள் சொன்னால் பாடமாகிவிடும். ஐந்தாம் காட்சியில் அவர் ‘கண் நீர் அழுத்த நோய்’ என்று முழுப் பெயரையும் பிசகாமல் சொல்கிறாரே, அது உறுத்துகிறது. “பிரசர் ஏறிப்போச்சாமா, கண்ணுக்குள்ள” என்றால் அவர் குரலாக இருக்கும். டயரில் காற்று பார்த்த மனுஷனுக்கு பிரசர் புதுச் சொல் இல்லை.

மருத்துவத் தகவலில் ஒன்றே ஒன்று. உங்கள் வடிவத்தில் இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் தீர்ப்பு சொல்லிவிடுகிறார். நான் அதை விட்டுவிட்டேன். டாக்டர் பேரைச் சொன்னால் அவர் வாதாடாமல் அடங்கிவிடுவார், அல்லது டாக்டரைத் திட்டுவார். இரண்டிலும் யாழினிக்கு வேலையில்லை. விரல் பரிசோதனை அதற்குப் பதிலாக வந்தது. கருவி வருவதற்கு முன்னும் இப்போதும் மருத்துவர்கள் பக்கப் பார்வையை மேலோட்டமாக அறிய இப்படித்தான் எதிரே நின்று விரலாட்டிப் பார்ப்பார்கள். மாணவிக்கும் கைவந்த காரியம்.

‘எகத்தாளம்’ வேண்டுமா, ‘நக்கல்’ போதுமா என்று எனக்குள் ஒரு இழுபறி. 68 வயதுக்காரருக்கு முன்னதுதான் என்று விட்டிருக்கிறேன். உங்கள் பெரியவர், நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாலாம் காட்சியில் யாழினியின் அப்பா தொலைபேசியில் வருகிறார். அவரும் கொங்குக்காரர், பொன்னுசாமிக்குத் தம்பி, ஆனால் ஆபீஸ் உத்தியோகம். அவர் பேச்சு இந்த இருவர் பேச்சுக்கும் நடுவில் எங்கோ நிற்கவேண்டும். அண்ணனிடம் ஒரு மாதிரி, மகளிடம் ஒரு மாதிரி. அதை நீங்கள் எழுதி அனுப்புங்கள், பிறகு பார்க்கிறேன்.