மாம்பழ ஈப் பொறி: விற்பனை வீடியோவுக்கான பேச்சு, ஷூட்டிங் குறிப்போடு

அண்ணே, நம்ம வலைப்பக்கத்தை மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கவே கட்டைவிரல் வலிக்கிறது. மூன்று பேக்கேஜ், சத்து டானிக் காம்போ, இலவசக் கையேடு, ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். "100% புழு இல்லாத மா" என்ற வரியும் போய்விட்டது, பொறி மட்டும் வைத்து யாராலும் அதைத் தர முடியாது, சந்தூர்க்காரர் ஒருவர் கமெண்டில் கேட்டால் பதில் இல்லை. மீதி இருப்பது ஒரே பொருள், ஒரே விலை. நீங்களே தோப்பில் நின்று பேசுங்கள், காலை எட்டு மணிக்கு முன்னால் எடுத்தால் வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

(முதல் காட்சி. முகம் வேண்டாம். கை, கத்தி, ஒரு பெங்களூரா பழம். பழம் வெளியே பளபளவென்று இருக்க வேண்டும். பேசாமல் அறுக்கவும். உள்ளே புழு நெளிவது தெரியும் வரை கேமராவை நகர்த்த வேண்டாம்.)

வெளியே பார்த்தால் குறையே இல்லை, பாருங்கள். தோலில் ஊசி குத்தியது போல ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான்.

மண்டியில் வியாபாரி பெட்டியிலிருந்து இரண்டு காயை எடுத்து அறுத்துப் பார்க்கிறார். இது மாதிரி ஒன்று வந்தால் போதும், நல்ல காய்க்கும் சேர்த்து விலையைக் குறைத்துவிடுவார், கூழ் பேக்டரி வாசலில் என்றால் லோடையே திருப்பிவிடுவார்கள். பூ வந்ததிலிருந்து மருந்து, தண்ணீர், காவல் என்று செலவு செய்த நீங்கள் அங்கே வாயைத் திறக்க முடியாமல் நிற்க வேண்டும்.

(இப்போது முகம். பின்னால் மரம்.)

வணக்கம்ங்க. காவேரிப்பட்டினத்தில் விவசாய இடுபொருள் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் தோப்பு இருக்கிறது, அதில்தான் நிற்கிறேன்.

புழு எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெண் பழ ஈ காய் முற்றி வரும் நேரம் பார்த்துத் தோலுக்கு அடியில் முட்டை வைக்கும். முட்டை பொரிந்து புழு உள்ளே சதையைத் தின்னும், பழம் கீழே விழுந்ததும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக மேலே வந்து பக்கத்துக் காயில் உட்காரும். நாம் மேலே அடிக்கிற மருந்து உள்ளே இருக்கும் புழுவைத் தொடுவதே இல்லை. அறுவடை நெருங்கும்போது அடித்தால் மருந்து பழத்தில் தங்குவதுதான் மிச்சம்.

அப்படியென்றால் பிடிக்க வேண்டியது ஈயை, அதுவும் முட்டை வைப்பதற்கு முன்னால்.

(பொறியைக் கையில் தூக்கிக் காட்டவும். மூடியைத் திறக்கும்போது கையுறை போட்டிருக்க வேண்டும், இதைக் கண்டிப்பாகப் படம் பிடிக்கவும்.)

இதுதான் பொறி. உள்ளே தொங்குவது மெத்தில் யூஜினாலும் பூச்சிமருந்தும் ஊறிய ஒட்டுப்பலகைத் துண்டு, லூர் என்போம். மெத்தில் யூஜினால் வாசனைக்கு ஆண் ஈ தூரத்திலிருந்தும் தேடி வரும். வந்தது இதை நக்கிச் செத்து உள்ளேயே விழும். "முட்டை வைப்பது பெண் ஈ, நீ ஆணைப் பிடித்து என்ன பயன்" என்று கேட்பீர்கள். மாப்பிள்ளையே இல்லாத ஊரில் கல்யாணம் எப்படி நடக்கும்? ஆண் குறையக் குறைய பெண் ஈ வைக்கிற முட்டை பொரிக்காது.

அதனால்தான் இதை அறுவடைக்கு முந்தின வாரம் கட்டினால் பிரயோஜனம் இல்லை. காய் எலுமிச்சை அளவு வரும்போதே கட்டிவிட வேண்டும்.

(சாட்சி காட்சி. இதுதான் வீடியோவின் உயிர், அவசரப்பட வேண்டாம். முந்தின நாள் காலையில் கட்டிய பொறி, அதைக் கட்டிய வீடியோவில் தேதி தெரிய வேண்டும். வெள்ளை வேட்டித் துணியை விரித்து, மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டவும். வெட்டு வைக்காமல் ஒரே ஷாட். எத்தனை என்று வாயால் சொல்ல வேண்டாம், பார்ப்பவர் தானே எண்ணட்டும். குறைவாக விழுந்தாலும் அதையே போடுகிறோம்.)

நேற்றுக் காலை கட்டினேன். இன்று காலை கொட்டுகிறேன். நீங்களே பாருங்கள்.

(கொட்டிய பின் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல். அதன் பிறகு போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயி பேசிய பதிவு. அவர் பேச்சை மாற்றவோ மெருகேற்றவோ வேண்டாம்.)

"முதல் வருசம் நான் நம்பலங்க. தெக்குப் பக்கம் மட்டும் கட்டுனேன், வடக்குப் பக்கம் கட்டல. செந்தூரா பறிக்கும்போது கூலிக்காரங்களே சொன்னாங்க, தெக்குப் பக்கம் கழிவு கம்மின்னு. ஆனா கீழ விழுந்த பழத்தைப் பொறுக்கிக் குழியில போட்டேன், அதையும் சொல்லணும்."

(திரும்ப நீங்கள்.)

அவர் கடைசியில் சொன்னதைக் கவனித்தீர்களா? நானும் அதையே சொல்கிறேன். விழுந்த பழத்தை அப்படியே விட்டுவிட்டுப் பொறி மட்டும் கட்டினால், கீழே இருந்து புது ஈ வந்துகொண்டே இருக்கும். பொறுக்கி ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள், மரத்தடியைக் கொத்தியோ உழுதோ விடுங்கள், கூட்டுப்புழு வெயிலில் காயட்டும். பக்கத்துத் தோட்டக்காரரும் கட்டினால் இன்னும் நல்லது, ஈக்கு வேலியும் வரப்பும் தெரியாது.

இன்னொன்று. பாகல், பீர்க்கு, புடலைக்கு இது வேண்டாம். அதில் வரும் ஈ வேறு, அதற்கான லூரும் வேறு. மா, கொய்யா இரண்டுக்கும்தான் இது.

(கிட்டைப் பிரித்து மேசை மேல் வைத்துக் காட்டவும்.)

சரி, என்ன கிடைக்கும்? ஒரு ஏக்கர் கிட். 10 பொறி, 20 லூர். 10 லூர் இப்போது போடுவதற்கு, மீதி 10 நாற்பத்தைந்தாம் நாள் மாற்றுவதற்கு. கட்டும் கம்பியும் கையுறையும் உள்ளேயே இருக்கிறது. கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் செத்த ஈயை எறும்பு தூக்கிப் போய்விடும், நீங்கள் பொறி வேலை செய்யவில்லை என்று எனக்குப் போன் போடுவீர்கள். ஆள் உயரத்தில், நிழல் விழும் கிளையில் தொங்கட்டும். லூரில் பூச்சிமருந்து இருக்கிறது, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

விலை 1,400 ரூபாய். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துக்கும் அனுப்பும் செலவு இதிலேயே சேர்ந்துவிட்டது. பொருள் வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். மூன்று ஏக்கர் என்றால் மூன்று கிட், அதே விலைதான், பெரிய பேக்கேஜ் என்று எதுவும் இல்லை.

சொன்னபடி கட்டிப் பத்து நாளாகியும் பொறியில் ஈயே விழவில்லை என்றால், பொறியைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கிட்டைத் திருப்புங்கள், 1,400 ரூபாயும் திரும்ப வரும். விளைச்சல் இத்தனை டன் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கப் போவதில்லை. அது மழை, பூ, உங்கள் பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது.

வீடியோவுக்குக் கீழே பச்சைப் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி உங்கள் ஊர், எத்தனை ஏக்கர், காய் இப்போது என்ன அளவு என்று மூன்றை மட்டும் போடுங்கள். காய் ஏற்கெனவே பழுக்கும் பருவத்துக்கு வந்திருந்தால் நானே கூப்பிட்டு இந்த வருடம் வேண்டாம், அடுத்த பூவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

(கடைசித் திரை, எழுத்து மட்டும்: ஒரு ஏக்கர் கிட், 10 பொறி, 20 லூர், ₹1,400, அனுப்பும் செலவு உட்பட. பட்டன் கீழே.)

அண்ணே, பட்டனை அழுத்தினால் திறக்கும் படிவத்தில் பழைய மூன்று பேக்கேஜ் இன்னும் இருக்கிறது. வீடியோ ஏற்றுவதற்கு முன்னால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் இங்கே 1,400 என்று கேட்டவர் அங்கே வேறு விலையைப் பார்த்துக் குழம்பி வெளியே போய்விடுவார்.