மின்னூல் மெய்ப்புத் திருத்துநர் பணி: காணொளிப் பதிலுக்கான என் தாள்

மூன்று கேள்விகளையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். முதல் பதிலுக்கு 90 விநாடி, இரண்டாவதற்கு 2 நிமிடம், மூன்றாவதற்கு 90 விநாடி. கேள்வி திரையில் தோன்றிய 30 விநாடியில் பதிவு தானாகத் தொடங்கிவிடும். மறுமுறை பேச வாய்ப்பில்லை.

மடிக்கணினியை மூன்று அகராதிகளின் மேல் ஏற்றியிருக்கிறேன். கேமரா கண் மட்டத்துக்கு வந்துவிட்டது. லென்ஸை ஒட்டிச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. பார்வை அங்கேதான் இருக்க வேண்டும். திரையில் என் முகம் தெரியும் சதுரத்தைத் துண்டுத்தாளால் மறைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் என் முகத்தையே பார்த்துப் பேசினேன். பதிவைப் போட்டுப் பார்த்தால், தலைகுனிந்து யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

இந்தத் தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. வாசித்தால் கண் வரிவரியாக ஓடுவது அப்படியே தெரிகிறது. ஒவ்வொரு பதிலிலும் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. நேரம் முடிந்து பதிவு அறுந்தால், செய்தேனா செய்யவில்லையா என்பதே போய்விடும். ஆகவே சிறு வாக்கியங்கள்.

முதல் கேள்வி: உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். (90 விநாடி)

வணக்கம். என் பெயர் காந்திமதி. பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். பதினோரு ஆண்டுகளாகத் தமிழ் மெய்ப்புப் பார்க்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் ஓர் அச்சகத்தில். கடந்த இரண்டு ஆண்டுகளாக, வீட்டிலிருந்தபடி மின்னூல்கள்.

அச்சகத்தில் தாளின்மேல் சிவப்பு மையால் திருத்தினேன். மின்னூலுக்கு வந்த பிறகுதான், கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு என்று கற்றுக்கொண்டேன். ஔவை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்து ஔ, ஒரே எழுத்து. பலர் அதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சரியாக எழுதித் தேடுபவருக்கு அந்தப் பெயர் கிடைக்காது. பார்வையற்ற தோழி ஒருத்தி, திரைவாசிப்பானில் ஒரு நூலைக் கேட்டுவிட்டு என்னை அழைத்தாள். "அக்கா, அந்தப் பெயர் எல்லாப் பக்கத்திலும் உடைந்து கேட்கிறது" என்றாள். நான் மெய்ப்புப் பார்த்த நூல் அது. அன்று முதல் எந்த நூலானாலும் ஔ, கௌ, மௌ வரும் இடங்களைத்தான் முதலில் தேடுகிறேன். உங்கள் நூல்களைக் காதால் படிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் மெய்ப்புப் பார்க்க விரும்புகிறேன். நன்றி.

(நேற்று 104 விநாடி வந்தது. அச்சகத்தில் சேர்ந்த கதை மட்டும் 20 விநாடியைத் தின்றது. எனக்குப் பிடித்த கதைதான், ஆனாலும் எடுத்துவிட்டேன். இப்போது 84. பெயரைச் சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்தம். தோழி சொன்னதை நினைக்கும்போது பார்வை ஒரு கணம் விலகினால் விலகட்டும். நினைத்துப் பேசுகிறவர் கண் அப்படித்தான் இருக்கும். பொட்டுக்குத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.)

இரண்டாம் கேள்வி: உங்கள் வேலையில் நேர்ந்த ஒரு தவறையும், அதன்பின் நீங்கள் செய்ததையும் சொல்லுங்கள். (2 நிமிடம்)

ஒரு திருமண அழைப்பிதழில் கிழமையைத் தவறவிட்டேன். அச்சகத்தில் எனக்கு அது மூன்றாம் ஆண்டு. வைகாசி மாதம், முகூர்த்த நாள்கள் நெருக்கிய நேரம். ஒரே நாளில் பன்னிரண்டு அழைப்பிதழ்கள் மேசைக்கு வந்தன. மணமக்கள் பெயர், தாத்தா பாட்டி பெயர், இனிஷியல், மண்டபம் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். தேதி சரி. கிழமை ஞாயிறு என்று இருந்திருக்க வேண்டும். வெள்ளி என்று இருந்தது. அவர்கள் எழுதித் தந்த பிரதியிலேயே அப்படித்தான் இருந்தது. பிரதியோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போனது, கையெழுத்திட்டேன். 500 அழைப்பிதழ்கள் அச்சாகிவிட்டன.

பெண்ணின் அப்பா வந்தார். கோபப்படவில்லை. "நாங்கள் எழுதித் தந்ததுதானே அம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. அன்றிரவே இருந்து, முழுவதையும் புதிதாக அச்சிட்டுக் கொடுத்தோம்.

மறுநாள் முதல் என் மேசையில் நாட்காட்டி இருக்கிறது. தேதியைக் கண்டால் கிழமையைச் சரிபார்ப்பேன். ஆண்டு, வயது, கூட்டுத்தொகை, ஊர்ப் பெயர் எல்லாம் அப்படியே. ஆனால் மூலத்தில் நானாகக் கை வைப்பதில்லை. ஐயத்தை ஓரத்தில் குறித்து ஆசிரியரிடம் கேட்கிறேன். சென்ற ஆண்டு ஒரு தன்வரலாற்றில், ஆசிரியர் பிறந்த ஆண்டு முன்னுரையில் ஒன்றாகவும் மூன்றாம் அத்தியாயத்தில் வேறாகவும் இருந்தது. கேட்டேன். பள்ளியில் சேர்ப்பதற்காக அவருடைய அப்பா ஒரு வயது கூட்டிக் கொடுத்தாராம். இரண்டு ஆண்டும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்து, ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தோம். அந்த அடிக்குறிப்பை ஆசிரியரே எழுதித் தந்தார்.

(118 விநாடி. மிக நெருக்கம். கடிகாரம் 1.40 காட்டும்போது தன்வரலாற்றுக்கு வந்திருக்காவிட்டால் அதை விட்டுவிட்டு, "ஐயத்தை ஓரத்தில் குறித்து ஆசிரியரிடம் கேட்கிறேன்" என்பதோடு நிறுத்த வேண்டும். அவசரமாகச் சொன்னால் அந்தக் கதை கெட்டுவிடும்.)

மூன்றாம் கேள்வி: வீட்டிலிருந்து எப்படி வேலை செய்வீர்கள்? (90 விநாடி)

வீட்டில் எனக்குத் தனி அறை இல்லை. கூடத்தின் ஜன்னலோரம்தான் என் மேசை. காலை 5 முதல் 8 வரை வீடு அமைதியாக இருக்கும். கடினமான பக்கங்களை அப்போது பார்க்கிறேன். புதிய நூலானால் ஒரு நாளில் 40 பக்கம் முடிப்பேன். பழைய நூலை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிய கோப்பானால் 20 பக்கம். அதில் மரம் என்பது மாம் என்று வந்திருக்கும். கால் என்பது கரல் என்று வந்திருக்கும். மூலப் பக்கத்தின் படத்தையும் அருகில் வைத்துக்கொண்டுதான் திருத்த முடியும். ஆகவே 20 என்றுதான் வாக்குக் கொடுப்பேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அப்பா பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறார். மாலை 4 முதல் 5 வரை அவருக்கு உடற்பயிற்சி. நான்தான் உடன் இருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் அழைப்புக்கு வர இயலாது. மற்ற நேரங்களில் கிடைப்பேன். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும். இணையம் நின்றால் கைபேசி இணைப்பு இருக்கிறது. ஒரு கோப்பு தாமதமாகும் என்று தெரிந்தால், முந்தைய நாளே உங்களுக்கு எழுதுவேன். நன்றி.

(76 விநாடி. அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம், பார்வையையும் தாழ்த்த வேண்டாம். மறைக்க ஒன்றுமில்லை. "நன்றி" சொன்னதும் கை நிறுத்து பொத்தானுக்கு ஓடக் கூடாது. பொட்டைப் பார்த்தபடி மனத்துக்குள் இரண்டு எண்ணிய பிறகு.)

நாளை 8.40-க்குத் தொடக்கம். அதற்குள் அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். பத்து மணிக்கு எதிர்வீட்டில் கட்டட வேலை தொடங்கிவிடும்.